தூரத்து முகமனும் அதன் மறுமொழியும்

இரண்டு பேர் அருகருகே நின்று கைகூப்பி வணங்கிக்கொள்ளும்போது, ஒருவருடைய வணக்கம் மற்றவரைச் சென்றடைந்ததா என்னும் ஐயம் எழுவதே இல்லை; கண்ணும் கையும் குரலும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் கூடி நின்று ஒன்றுக்கொன்று சாட்சி கூறுகின்றன. இடையிலே ஒரு வயலோ, ஒரு நீண்ட வீதியோ, ஜனநெரிசல் மிகுந்த ஒரு ரயில் மேடையோ குறுக்கிட்டுவிட்டால், அந்த எளிய உபசாரமே இரண்டு காரியங்களாகப் பிரிந்துவிடுகிறது. நம் சமிக்ஞையை அவரிடம் சேர்ப்பது ஒன்று. அது சேர்ந்தது என்பதை நாம் தெரிந்துகொள்வது மற்றொன்று. முதற்காரியத்தை எல்லாரும் சிறு பிராயத்திலேயே கற்றுவிடுகிறோம்; கையை உயர்த்துகிறோம், குரல் கொடுக்கிறோம். இரண்டாவதைப் பற்றித்தான் நாம் வைத்திருக்கும் எண்ணங்களில் பாதிக்குமேல் பிழைபட்டவை.

அவற்றுள் முதன்மையான பிழை, 'அவர் என்னைப் பார்த்தார்' என்பதைக் கண்ணால் நேரே காணக்கூடிய ஒரு நிகழ்ச்சியாகக் கருதுவது. அருகில் நிற்கும்போது அது பிரத்தியட்சம். தூரத்தில் அது அனுமானம் மட்டுமே. புகையைக் கொண்டு நெருப்பை அறிவதுபோல, பார்க்கப்படுபவருடைய உடலிலே தோன்றும் சில மாறுதல்களைக் கொண்டே அவர் நம்மைக் கண்டாரென்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த மாறுதல்கள் யாவை, எவ்வளவு தூரம் வரை அவற்றை நம்பலாம், எங்கே அவை நம்மை ஏமாற்றும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணின் எல்லை

மனிதனுடைய கண்ணில் வெண்விழி மிகுதியாக வெளியே தெரிகிறது. குரங்கினங்கள் பலவற்றையும் மனிதனையும் ஒப்பிட்டு, இவ்வாறு வெண்மை பரந்து தெரியும் கண் மனிதனுக்கே சிறப்பாக வாய்த்தது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களாகிய கொபயாஷியும் கோஷிமாவும் 1997-இல் எழுதினார்கள். வெள்ளையின் நடுவே கருவட்டம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு, எதிரில் இருப்பவர் எதைப் பார்க்கிறார் என்பதை நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். ஆனால் இந்த வசதி சில அடி தூரத்துக்கே உரியது.

காரணம் எளிய கணக்கு. நல்ல பார்வையுள்ள ஒருவருடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு அளவுள்ள நுட்பங்களையே பிரித்தறிய வல்லது. கருவிழியின் வட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். அது 40 மீட்டர் தூரத்தில் அந்தக் கடைசி எல்லைக்குச் சுருங்கி வெறும் புள்ளியாகிவிடும். அதற்கு வெகு முன்பாகவே, கருவிழி நடுவில் இருக்கிறதா, சற்று ஓரத்தில் இருக்கிறதா என்னும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. 10 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒருவர் தம் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் 10 பாகை திருப்பினால், கருவிழி நகர்வது இரண்டு மில்லிமீட்டர்தான். அந்த நகர்ச்சி அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும் நமக்குப் புலப்படுவது அரிது. அவ்வாறு திரும்பிய பார்வையோ நமக்குப் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் வேறொருவர் மேல் விழுந்துகொண்டிருக்கும். ஆகவே பத்து மீட்டருக்கு அப்பால் 'என் கண்ணைப் பார்த்தார்' என்று ஒருவர் சொன்னால், அவர் கண்டது கண்ணை அன்று. முகம் திரும்பியிருந்த திசையைத்தான்.

முகத்தின் திசை கண்ணின் திசையைப் பற்றிய நம் தீர்ப்பையே மாற்றிவிடும் என்பதை, ஆங்கில விஞ்ஞானியாகிய வொல்லாஸ்டன் 1824-ஆம் ஆண்டிலேயே சித்திரங்களைக் கொண்டு காட்டினார். ஒரே கண்களை வரைந்து, அவற்றைச் சுற்றியுள்ள முகத்தை மட்டும் ஒரு படத்தில் ஒரு பக்கமும் மற்றொரு படத்தில் வேறு பக்கமும் திரும்பியதாக அமைத்தால், கண்கள் மாறாதிருந்தும் பார்வை மாறியதாகவே தோன்றுகிறது. தூரத்தில் இருப்பவர் விஷயத்தில் நாம் செய்வதும் இதுவே.

அதற்கு எதிராக, ஆளை அடையாளம் காண்பதற்கு முகம் அவ்வளவு தேவைப்படுவதில்லை. முகத்தை மட்டும் கொண்டு ஒருவரை இன்னாரென்று அறிவது ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் படிப்படியாகக் குறைந்து, 45 மீட்டர் அளவில் ஏறத்தாழ இயலாததாகிவிடுகிறது என்று அமெரிக்க உளவியலாளர் லாஃப்டஸும் ஹார்லியும் 2005-இல் எழுதினர். ஆனால் நெருங்கிய உறவினரை அதனினும் வெகு தூரத்தில் நடையைக் கொண்டும், தோளின் சரிவைக் கொண்டும், குடையைப் பிடிக்கும் விதத்தைக் கொண்டும் கண்டுபிடித்துவிடுகிறோம். இதிலிருந்து ஒரு விபரீத நிலை பிறக்கிறது. நூறு மீட்டரில் 'அவர்தான்' என்று நமக்கு நிச்சயம். ஆனால் அவர் நம்மைப் பார்க்கிறாரா என்பது பத்து மீட்டர் வரை நமக்கு அநிச்சயம். ஆளை அறிவதற்கும் பார்வையை அறிவதற்கும் இடையிலுள்ள இந்த அகன்ற வெளியில்தான் தூரத்து முகமன்கள் யாவும் நடக்கின்றன.

கையும் துண்டும்

கையை ஆட்டுவது ஏன் பயன்படுகிறது என்பதற்கும் கண்ணின் அமைப்பே விடை. நுட்பமாகப் பார்க்கும் ஆற்றல் பார்வையின் நடுவில் ஓரிரு பாகைக்குள் அடங்கிவிடுகிறது. மற்றப் பரப்பெல்லாம் மங்கல். ஆயினும் அந்த மங்கலான ஓரங்கள் அசைவை உணர்வதில் கூர்மையானவை. ஆகையால் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பவரை நம் பக்கம் திருப்ப, நம்முடைய உருவம் பயன்படாது. நம்முடைய அசைவே பயன்படும். கையைத் தூக்கியபடி அசையாமல் நிற்பவர், தம்மை ஏற்கெனவே பார்த்துவிட்டவருக்கு மட்டுமே வணக்கம் சொல்கிறார்.

அசைவு எங்கே நிகழ வேண்டும் என்பதும் முக்கியம். மார்புக்கு நேராகக் கையை ஆட்டினால், சட்டையின் மேலேயே கை அசைவதால் தூரத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். தலைக்கு மேலே உயர்த்தினால் வானமோ வெளிச்சமான சுவரோ பின்னணியாக அமைந்து கை தனித்துத் தெரியும். நம் கிராமங்களில் வரப்பில் நிற்பவர் தோளிலுள்ள துண்டை எடுத்துத் தலைக்குமேல் சுழற்றுவதன் சூட்சுமம் இதுவே. ஒரு மீட்டர் நீளமுள்ள அசைவு, நூறு மீட்டர் தூரத்தில் பூரணச் சந்திரனின் குறுக்களவைவிடச் சற்றே பெரிதாகத் தோன்றும். வெறுங்கையின் மணிக்கட்டு அசைவோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வெள்ளைத் துண்டு வீச்சை நீட்டிக் கொடுப்பதோடு, பச்சை வயலுக்கு எதிரான நிறத்தையும் கொடுக்கிறது.

கையசைவின் பொருள் எங்கும் ஒன்றன்று என்பதையும் கருத வேண்டும். நம் நாட்டில் ஒருவரை 'இங்கே வா' என்று அழைப்பவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை மடக்குகிறார்; வட ஐரோப்பியர் பலர் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்தே அழைப்பதால், நம் அழைப்பு அவர்கள் கண்ணுக்கு விடைபெறும் சைகையாகத் தென்படக்கூடும். இத்தாலியில் உள்ளங்கையைத் தம் பக்கமே திருப்பி வைத்து விடைகொடுக்கும் வழக்கத்தை டெஸ்மண்ட் மோரிஸ் விவரித்திருக்கிறார். ஆகையால் கண்டுகொண்ட பிறகும் பொருள் விளங்காதிருத்தல் கூடும். நம்மவரிடையே வயதிலோ உறவிலோ மூத்தவரைப் பார்த்துக் கையை ஆட்டுவது மரியாதைக் குறைவாகவும் எண்ணப்படும். அவரைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பதும், மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விடுவதும் 'உங்களைக் கண்டுகொண்டேன்' என்பதைக் கையசைப்பைவிடத் தெளிவாகத் தூரத்துக்கே காட்டிவிடும். சாதியாசாரம் கொடுமையாக நிலவிய ஊர்களில் தோள்துண்டை இறக்கிக் கக்கத்தில் இடுக்க வேண்டுமென்று சிலர்மேல் சுமத்தப்பட்ட கட்டாயமும் இவ்வகையைச் சேர்ந்ததே; கண்டதை ஒப்புக்கொள்ளும் அடையாளத்தை ஒருவரிடம் விரும்பிப் பெறுவதற்கும் பலவந்தமாக வாங்குவதற்கும் உள்ள வேற்றுமை அங்கே வெளிப்பட்டது.

குரலின் வழி

குரலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: கேட்பவர் நம் பக்கம் திரும்பியிருக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாகச் சில குறைகளும் உண்டு. தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி ஆறு டெசிபல் அளவு தணிகிறது. காற்று எதிர்த்து வீசினால் ஒலி மேல்நோக்கி வளைந்து கேட்பவர் தலைக்கு மேலே போய்விடுகிறது. மெல்லிய உரசல் ஒலிகளும் வெடிப்பொலிகளும் முதலில் அழிய, நெடிய உயிரொலிகளே நெடுந்தூரம் செல்கின்றன. வயலில் அழைப்பவர் பெயரின் கடைசி உயிரை நீட்டி 'முருகாஓஒய்' என்று முடிப்பதும், ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமிருந்து வெள்ளையரும் கற்றுக்கொண்ட 'கூயீ' என்னும் காட்டழைப்பு முதலசையை நீட்டி இரண்டாவதை உயர்த்துவதும், ஒரே பௌதிக காரணத்தின் பலன்கள். கானரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவில், பள்ளத்தாக்குகளுக்கு அப்பால் நிற்பவரோடு சீழ்க்கையாலேயே ஸ்பானிய மொழியைப் பேசுகிறார்கள். யுனெஸ்கோ நிறுவனம் 2009-இல் அதை மானுடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

யாரை அழைக்கிறோம் என்பதைக் குறிக்கும் வேலையைப் பெயர் செய்கிறது. தன் பெயருக்கு மனிதன் காது எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதை நெவில் மோரே என்பார் 1959-இல் சோதித்தார். ஒரு காதில் விழுவதை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லும்படி பணிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், கவனியாத மறுகாதில் ஒலித்த தம் பெயரை உணர்ந்தார்கள். இது காதின் திறமைக்குச் சான்றாகப் பல புத்தகங்களில் எடுத்தாளப்படுகிறது. நம் விஷயத்துக்கு வேண்டியதோ அதன் மறுபக்கம். மூன்றில் இரண்டு பங்கினர் உணரவில்லை! வேறொன்றில் ஈடுபட்டிருப்பவர், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது காதின் குறையும் அன்று, மனத்தின் குறையும் அன்று.

நம் குடும்பங்களில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கணவன் பெயரை மனைவி சொல்லாத வழக்கமும், மூத்தோரை முறைப்பெயராலேயே அழைக்கும் வழக்கமும் உள்ள இடத்தில், அழைப்பு ஒருவருக்கே உரியதாக இருப்பதில்லை. சந்தையிலே 'என்னங்க' என்று ஒரு பெண் குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்புகிறார்கள். 'அண்ணே' என்றால் சந்தையே திரும்புகிறது. இக்குறையை நிவர்த்திக்கத்தான் 'செல்வி அப்பா' என்று குழந்தையின் பெயரோடு சேர்த்தும், 'சிவகங்கை மாமா' என்று ஊரின் பெயரோடு சேர்த்தும் அழைக்கிறோம். வெளியே புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்னும் சகுன நம்பிக்கையோ, குரலுக்குரிய அந்தப் பெரிய வசதியையே பறித்துக்கொள்கிறது.

அழைப்புக்கும் கையசைப்புக்கும் உள்ள சமூக வேற்றுமை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். உரையாடல் தொடங்கும் முறைகளை ஆராய்ந்த இமானுவேல் ஷெக்லோஃப், விடை கிடைக்கும் வரை அழைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம், விடை கிடைத்தபின் சொல்லலாகாது, விடை கிடைத்ததும் அழைத்தவரே பேச்சைத் தொடங்கக் கடமைப்பட்டவர் என்று 1968-இல் எடுத்துக் காட்டினார். இதனால்தான் 'என்னப்பா?' என்று திரும்பியவரிடம் சொல்ல ஒன்றும் இல்லாதபோது 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்று சமாதானம் சொல்ல வேண்டியதாகிறது. கையசைப்புக்கு அந்தக் கடன் இல்லை. பதிலுக்கு ஒரு கையசைப்போடு அது நிறைவு பெற்றுவிடும். பேச நேரமில்லாதவர் குரல் கொடுக்காமல் கையை மட்டும் உயர்த்துவது அலட்சியத்தால் அன்று. எதிராளிக்கும் தமக்கும் ஒரு சம்பாஷணையை மிச்சப்படுத்துவதற்காகவே.

கண்டதற்கு அடையாளங்கள்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். நம் சமிக்ஞை புறப்பட்டபின் எதிராளி நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கிறார். முதலாவது, ஒன்றும் உணராத நிலை. இரண்டாவது, ஏதோ ஒன்றை உணர்ந்தும் அது எங்கிருந்து வந்தது என்று அறியாத நிலை. மூன்றாவது, இடத்தைக் கண்டுபிடித்தும் ஆள் யாரென்று தெளியாத நிலை. நான்காவதே, நம்மை நாமென்று கண்டுகொண்ட நிலை. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

முதல் நிலையின் அடையாளம், செய்துகொண்டிருந்த காரியம் தடையின்றித் தொடர்வது. நடையின் தாளம் மாறாது. இரண்டாம் நிலையில் அந்தத் தாளம் ஒரு கணம் அறுபடுகிறது. தலை இப்படியும் அப்படியும் தேடுகிறது. குரல் வந்த திசையை நாம் இரு காதுகளுக்கும் இடையே உள்ள மிகச் சிறிய காலவேற்றுமையால் அறிகிறோம். முன்னால் வந்த ஒலிக்கும் பின்னால் வந்த ஒலிக்கும் அந்த வேற்றுமை ஒரே மாதிரியாக இருக்கக்கூடுமாதலால், தலையைத் திருப்பிப் பார்த்தே ஐயத்தை நீக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அழைத்தவுடன் ஒருவர் தவறான பக்கம் திரும்பினால் அவர் நம்மைப் புறக்கணிக்கவில்லை. மாறாக, நம் குரலைக் கேட்டுவிட்டார் என்பதற்கு அதுவே முதற்சான்று. மூன்றாம் நிலையில் தேடல் நின்று, முகம் நம் பக்கம் நிலைத்து, உடலும் சற்று நிலைக்கிறது. சிலர் புருவத்துக்கு மேலே கையைக் குடையாக வைத்துக்கொள்கிறார்கள். நான்காம் நிலையை அறிவிப்பது ஒன்றே ஒன்றுதான்: நம் சமிக்ஞைக்கு உரிய மறுசமிக்ஞை.

அந்த மறுசமிக்ஞையின் வடிவங்களையும் அவற்றின் வரிசையையும், ஆடம் கெண்டனும் ஆண்ட்ரூ ஃபெர்பரும் நியூயார்க் புறநகரில் தோட்டத்தில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்தைப் படம்பிடித்து ஆராய்ந்து 1973-இல் வெளியிட்டார்கள். ஒருவர் மற்றவரைக் காண்கிறார். உடலை அவர் பக்கம் திருப்புகிறார். தூரத்திலேயே ஒரு முகமன் நிகழ்கிறது. தலையைச் சடக்கென்று பின்னால் எறிவது, தலையசைப்பது, கையை உயர்த்துவது, குரல் கொடுப்பது ஆகியவை அதன் வடிவங்கள். பிறகு இருவரும் நெருங்குகிறார்கள். இறுதியில் அருகே நின்று முறையான முகமன் நடக்கிறது. இந்த ஆராய்ச்சியில் நமக்கு மிகவும் பயன்படும் செய்தி, நடுப்பகுதியைப் பற்றியது. தூரத்து முகமன் முடிந்தபின் நெருங்கி வருகிறவர்கள் ஒருவரையொருவர் இடைவிடாமல் பார்ப்பதில்லை. பெரும்பாலும் கண்ணைத் தாழ்த்துகிறார்கள், வேறு பக்கம் பார்க்கிறார்கள், உடையைத் திருத்துகிறார்கள், கையை உடம்பின் குறுக்கே கொண்டுபோகிறார்கள். மூன்று மீட்டர் அளவுக்கு வந்தபிறகே மீண்டும் நேராகப் பார்த்துப் புன்னகை புரிகிறார்கள். ஆகவே கையசைத்தவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டால், அது நம்மைக் காணாததற்கு அடையாளம் அன்று. கண்டாயிற்று என்று அவர் நம்புவதற்கே அடையாளம்.

கண்டவுடன் புருவங்கள் ஆறில் ஒரு வினாடி அளவுக்கு உயர்ந்து தாழ்வதை ஐபெல்-ஐபெஸ்ஃபெல்ட் பல நாடுகளில் படம்பிடித்துக் காட்டினார். அது அழகிய அடையாளம். ஆனால் அருகிலுள்ளவருக்கே உரியது. வீதியின் மறுகோடியில் நிற்பவருடைய புருவத்தைக் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது.

ஒரு ரயில் மேடையில்

மேற்கூறியவற்றை ஒரு சந்தர்ப்பத்தில் வைத்துப் பார்ப்போம். ரயில் மேடை இதற்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் அங்கே அளவுகோல் ஆயத்தமாக இருக்கிறது. நம் நாட்டுப் பயணிகள் பெட்டி ஒன்றின் நீளம் 22 முதல் 24 மீட்டர். மதுரைச் சந்திப்பில் வண்டி வந்து நிற்கிறது. சிவகங்கை மாமாவை வரவேற்க அண்ணனும் தம்பியும் படிக்கட்டருகே காத்திருக்கிறார்கள். மூன்று பெட்டிகளுக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ 70 மீட்டர் தூரத்தில், மாமா இறங்குகிறார். முகம் தெரியவில்லை, மஞ்சள் பையும், கக்கத்துக் குடையும், காலைச் சற்று அகட்டி வைக்கும் நடையும் அவரைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

தம்பி உடனே கையைத் தூக்குகிறான். மாமாவோ குனிந்து பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். கை காற்றோடு போயிற்று. அண்ணன் 'மாமா!' என்று கூப்பிட, நடுவில் நின்ற மூன்று மாமாக்கள் திரும்புகிறார்கள், வேண்டியவர் திரும்பவில்லை. 'சிவகங்கை மாமாஆ!' என்று ஊரைச் சேர்த்து நீட்டியதும் அவருடைய கை பையிலேயே நின்றுவிடுகிறது; தலை நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் தேநீர்க் கடையை நோக்குகிறது. கேட்டாயிற்று, இடம் தெரியவில்லை; இது இரண்டாம் நிலை. இப்போது மறுபடியும் கூவுவதைவிட அசைவைக் காட்டுவதே தகும். ஏனெனில் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். அண்ணன் துண்டைத் தலைக்குமேல் உயர்த்தி அகலமாக வீசுகிறான். மாமாவின் முகம் இவர்கள் பக்கம் வந்து நிற்கிறது.

இங்கேதான் அவசரக்காரர்கள் தவறு செய்வார்கள். முகம் இந்தப் பக்கம் நின்றுவிட்டது என்பதால் கண்டுகொண்டார் என்று சொல்வதற்கில்லை. கூலியாளைத் தேடுகிறாரோ, படிக்கட்டைத் தேடுகிறாரோ யார் அறிவார்? அண்ணன் துண்டை இறக்கிவிட்டு, ஒரு மூச்சுவிடும் நேரம் பொறுத்து, மீண்டும் ஒருமுறை உயர்த்துகிறான். மாமாவின் குடை மேலே எழுந்து இறங்குகிறது. துண்டு மூன்றாம் முறை எழும்போது குடையும் உடனே எழுகிறது. ஒருமுறை நேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். கையின் அசைவுக்கு இசைவாக இரண்டுமுறை நேர்வது தற்செயலாக இருப்பது அரிது. காலப்பொருத்தமே இங்கே சாட்சி.

மாமா உடனே முகத்தைத் தாழ்த்திப் பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்குகிறார். இவர்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. 'அண்ணே, மாமா நம்மளப் பாக்கலையே, இன்னொரு தடவை கூப்பிடவா?' என்கிறான் தம்பி. 'பாத்துட்டாருடா, குடையத் தூக்குனாருல்ல' என்கிறான் அண்ணன். தம்பி மறுபடியும் கூவியிருந்தால், விடை கிடைத்தபின் அழைப்பைத் திருப்பிச் சொன்ன குற்றம் அவனைச் சேரும். ஏதோ ஆபத்து என்று மாமா பதறியிருப்பார். சில அடிகளுக்குள் வந்த பிறகே மாமா நிமிர்ந்து முகமலர்ந்து, 'என்ன மாப்ளே, ரெண்டு பேரும் வந்துட்டீங்களா?' என்கிறார். 'வாங்க மாமா' என்று பையை வாங்கிக்கொள்வதோடு அந்த முகமன் முடிகிறது.

இக்காலத்தில் இதே காரியத்தைக் கைப்பேசி எளிதாக்கிவிட்டது. 'கையத் தூக்கியிருக்கேன், தெரியுதா?' என்று ஒருவர் கேட்க, 'தெரியுது, தெரியுது' என்று மற்றவர் சொல்லிவிடுகிறார். கண்ணின் ஐயத்தைக் காது தீர்த்துவிடுகிறது. ஆனால் அங்கும் ஒரு கண்ணி உண்டு. காதில் பேசியை வைத்துக் கையைத் தூக்கியவர்கள் அதே மேடையில் பலர் இருக்கலாம்; 'தெரியுது' என்றவர் வேறொருவரைப் பார்த்திருக்கலாம். 'கையை இறக்கு, இப்போது தூக்கு' என்று சொல்லிப் பார்ப்பவரே ஏமாறாதவர். துண்டும் குடையும் கற்பித்த அதே காலப்பொருத்தம் இங்கும் தேவைப்படுகிறது.

தவறும் இடங்கள்

அந்நியர் ஒருவர் நம்மை நோக்கிக் கையசைக்க, நாமும் மகிழ்ந்து கையை உயர்த்த, அவர் அசைத்தது நமக்குப் பின்னால் நின்றவருக்கு என்று பிறகு தெரிந்து நாணமடைவது பலருக்கும் நேர்வது. இதற்கு நம் அகந்தையைப் பழிக்க வேண்டியதில்லை. பார்வையின் திசை தெளிவாகத் தெரியாதபோது, 'என்னைத்தான் பார்க்கிறார்' என்று கொள்ளும் பக்கமே மனம் சாய்கிறது என்று மாரெஷால், கிளிஃபர்ட் முதலிய உளவியலாளர்கள் 2013-இல் சோதனைகளால் காட்டினர். தூரம் கூடக் கூடத் தெளிவின்மையும் கூடுகிறது. ஆகவே இந்தச் சாய்வும் கூடுமென எதிர்பார்க்கலாம். பதில் வணக்கம் செய்யுமுன் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்ப்பதே இதற்குப் பரிகாரம்.

இதற்கு நேர்மாறான தவறு வெளிச்சத்தால் விளைவது. மாலையில் மேற்கே சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவருக்கு எதிராளியின் முகம் பளிச்சென்று தெரியும். எதிராளிக்கோ இவர் வெறும் நிழலுருவம். 'எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தாரே, அவருக்கு நான் தெரியாமலா இருப்பேன்?' என்னும் வாதம் அங்கே அடியோடு பொய்க்கிறது. கண்ணாடி மூடிய பேருந்தில் இருப்பவருக்கும் வீதியில் நிற்பவருக்கும் இதே கதி.

வேண்டுமென்றே காணாததுபோல் போவதும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனோடு நாகரிகமான ஒரு வழக்கத்தைக் கலந்துவிடக் கூடாது. அறிமுகமில்லாதவர்கள் வீதியில் எதிர்ப்படும்போது எட்டு அடி தூரம் வரை ஒருவரையொருவர் ஒருமுறை பார்த்துவிட்டு, கடக்கும் சமயத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொள்வதை எர்விங் கோஃப்மன் 1963-இல் விவரித்து, அதை அந்நியரிடம் காட்டும் ஒரு மரியாதையாகவே கருதினார். நம்மை யாரென்று தெளியாமல் மூன்றாம் நிலையிலேயே நின்றுவிட்ட ஒரு நண்பர், நம்மை அந்நியராகக் கருதி இந்த மரியாதையைச் செய்துவிட்டுப் போகலாம். நமக்கோ அது அவமதிப்பாகப் படுகிறது.

கடலும் மலையும் கற்பித்தது

சமிக்ஞை சேர்ந்ததா என்னும் ஐயம் உயிரைப் போக்கக்கூடிய இடங்களில், மனிதர் இதை அனுமானத்துக்கு விடாமல் விதியாகவே வகுத்திருக்கிறார்கள். கப்பல்களின் சர்வதேசக் கொடிச் சங்கேதத்தில் ஒரு கப்பல் கொடிகளை ஏற்றியதும், அதைக் கண்ட கப்பல் விடைக்கொடி என்னும் நீண்ட கொடியைப் பாதி அளவு ஏற்ற வேண்டும். பொருள் விளங்கியபின் அதை உச்சிவரை ஏற்ற வேண்டும். கண்டேன் என்பதற்கு ஓர் உயரம், விளங்கிற்று என்பதற்கு மற்றோர் உயரம். நாம் மேலே பிரித்துக் காட்டிய நிலைகளின் வேற்றுமையைக் கடலோடிகள் கம்பத்தின் உயரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையேறிகளின் வழக்கில், ஆபத்திலிருப்பவர் நிமிஷத்துக்கு ஆறு முறை வீதம் ஒலியோ ஒளியோ எழுப்பி, ஒரு நிமிஷம் இடைவிட்டு மீண்டும் தொடங்குவார்; கண்டவர் நிமிஷத்துக்கு மூன்று முறை எழுப்பிப் பதில் தருவார். பதிலின் எண்ணிக்கை அழைப்பின் எண்ணிக்கையினின்று வேறாக இருப்பதால், வந்தது எதிரொலியோ என்று ஐயுற வேண்டியதில்லை.

முகமனுக்கும் ஆபத்துக்குரலுக்கும் உள்ள எல்லையையும் அவ்விடங்களில் கவனமாகக் காக்கிறார்கள். கடலில் மோதலைத் தவிர்க்கும் சர்வதேச விதிகளின்படி, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாகத் திரும்பத் திரும்ப உயர்த்தித் தாழ்த்துவது ஆபத்துக்குறி. நீரில் மூழ்கிப் பழகியவர்கள் மேலே வந்ததும் படகிலுள்ளவரை நோக்கிக் கையை ஆட்ட மாட்டார்கள். ஆட்டினால் 'காப்பாற்றுங்கள்' என்று பொருள். நலமாக இருப்பதைக் கையைத் தலைமேல் வட்டமாக வைத்தே தெரிவிப்பார்கள். கரையில் நிற்பவர் அறிய வேண்டியதும் இதுவே: அலைக்கு நடுவில் அசையும் கை எல்லாம் முகமன் அன்று.

ஆராய்ச்சியின் முடிவு

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓர் ஏற்றத்தாழ்வு புலனாகிறது. தூரத்தில் ஒருவர் நம்மைக் கண்டார் என்பதை நிரூபிக்க முடியும். நம் அசைவுக்கு இசைவாக அவருடைய அசைவு இரண்டுமுறை வந்தால் போதும். கண்டும் காணாததுபோல் போனார் என்பதையோ தூரத்திலிருந்து நிரூபிக்க வழியில்லை. மறுமொழி வராமைக்கு நான்கு நிலைகளில் எதுவும் காரணமாகலாம், வெளிச்சமும் காற்றும் கவனமும் காரணமாகலாம். ஆகவே 'பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார்' என்று பல குடும்பங்களில் ஆண்டுக்கணக்காகப் பேசப்படும் குறை, பத்து மீட்டருக்கு அப்பால் நிகழ்ந்ததாயின், சாட்சியில்லாத வழக்காகவே தள்ளுபடி செய்யத்தக்கது. பத்து மீட்டருக்குள் நிகழ்ந்ததாயினும், அவரை முறைப்பெயரோடும் ஊரோடும் அழைத்தோமா, அவர் நின்றாரா, தேடினாரா என்று கேட்டுப் பார்த்தபிறகே தீர்ப்புக் கூற வேண்டும். அவ்வளவு விசாரணைக்கும் பொறுமை இல்லாதவருக்கு ஒரே வழிதான் உண்டு: கையை இறக்கிவிட்டு அவர் பக்கம் நடந்துபோய், 'என்ன, சௌக்கியமா?' என்று கேட்டுவிடுவது.